யாருக்கு என்ன தெரியும்? ஒரு கடைசிக் காட்சியைப் புரிந்துகொள்ள

கதிர் கேட்டது நியாயமான கேள்விதான். ‘எடர்னல் சன்ஷைன் ஆஃப் த ஸ்பாட்லெஸ் மைண்ட்’ படத்தைப் பார்த்து முடித்த கையோடு என்னைக் கூப்பிட்டான். “அக்கா, இது சோகப் படம்தானே? சண்டை போட்டு, மூளையிலிருந்தே ஒருத்தரை ஒருத்தர் அழிச்சுட்டு, திரும்ப அதே ஆள்கிட்ட வந்து நிக்கறாங்க. மறுபடியும் சண்டைதான் வரும்னு அவங்களுக்கே தெரியுது. இதைப் போய் நம்பிக்கையான முடிவுன்னு சொல்றீங்க?”

கதிர் என் சித்தப்பா மகன். சினிமா நிறையப் பார்ப்பான், ஆனால் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று யோசித்துப் பார்த்ததில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது, முடிவைப் பற்றித்தான் முழுக்கப் பேசப் போகிறேன்.

2004ல் வந்த படம். மிஷெல் கோந்த்ரி இயக்கம், சார்லி காஃப்மன் திரைக்கதை. ஜோயலாக ஜிம் கேரி, கிளெமென்டைனாகக் கேட் வின்ஸ்லெட். இரண்டு வருடம் சேர்ந்திருந்த பிறகு ஒரு நாள் சண்டை முற்றிப் பிரிகிறார்கள். கிளெமென்டைன் லக்கூனா என்ற நிறுவனத்துக்குப் போய் ஜோயலைப் பற்றிய நினைவுகளை அழித்துக்கொள்கிறாள். விஷயம் தெரிந்து நொந்துபோன ஜோயலும் அதே நிறுவனத்துக்குப் போகிறான். அழிப்பு நடக்கும்போது, பாதி வழியில், வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஆனால் அவன் தூக்கத்தில் இருக்கிறான், யாரிடமும் சொல்ல முடியாது. எல்லாம் அழிகிறது. பிறகு இருவரும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். அப்புறம் உண்மை தெரிகிறது.

கதையை இப்படி நேர்வரிசையில் சொன்னால் கதிர் சொல்வதுதான் சரி, சோகக் கதை. ஆனால் படம் இந்த வரிசையில் நடப்பதில்லை.

படம் தொடங்கும்போது காதலர் தினம். வேலைக்குக் கிளம்பிய ஜோயல், ஏன் என்று தெரியாமல் திடீரென்று வேறு ரயிலுக்கு ஓடி, மோன்டாக் கடற்கரைக்குப் போகிறான். நியூயார்க் லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியில் உள்ள ஊர். பிப்ரவரிக் குளிரில் அங்கே ஈ காக்கை இல்லை. திரும்பும் ரயிலில் நீல முடிக்காரி ஒருத்தி வந்து பேச்சுக் கொடுக்கிறாள். பெயர்கள் போடுவதற்கு முன்பே ஏறக்குறைய கால் மணி நேரம் இப்படிப் போகிறது. நாம் இதை இருவரின் முதல் சந்திப்பு என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் இது அழிப்பெல்லாம் முடிந்த மறுநாள்.

“அது எனக்கு நடுவுலதான் புரிஞ்சுது” என்றான் கதிர். எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் இரண்டாம் முறை பார்த்தால் அந்தக் கால் மணி நேரத்திலேயே எல்லாம் கண்ணில் படும். ஜோயலின் கார் பக்கவாட்டில் நசுங்கியிருக்கிறது, எப்படி நசுங்கியது என்று அவனுக்கே தெரியவில்லை. டைரியில் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன, கிழித்த ஞாபகம் இல்லை. எனக்குப் பிடித்தது மூன்றாவது. தன் பெயரை வைத்துக் கிண்டல் செய்யக் கூடாது என்கிறாள் கிளெமென்டைன். அந்தப் பெயரில் ஒரு பழைய பாட்டு உண்டு, ஒரு கார்ட்டூன் நாய் பாடிப் பிரபலமானது, அமெரிக்காவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜோயலுக்கு மட்டும் தெரியவில்லை. அவளோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் பாட்டும் சேர்ந்து அழிந்துவிட்டது.

இங்கேதான் கதிருக்கு நான் சொல்ல வந்த அடிப்படை விஷயம் வருகிறது. எந்தக் கதையிலும் ‘என்ன நடக்கிறது’ என்பதோடு இன்னொன்றும் ஓடிக்கொண்டிருக்கும்: யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது. வில்லன் கதவுக்குப் பின்னால் நிற்பது நமக்குத் தெரியும், கதாநாயகிக்குத் தெரியாது. அவள் சாவகாசமாகக் கதவைத் திறக்கப் போகிறாள், நாம் இருக்கை நுனிக்கு வந்துவிடுகிறோம். நமக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாத இந்த இடைவெளியைத் திரைக்கதை எழுதுகிறவர்கள் டிராமட்டிக் ஐரனி என்பார்கள். பெயர் முக்கியமில்லை. ஒரு காட்சி நமக்குள் என்ன செய்கிறது என்பதை இந்த இடைவெளியின் அளவு பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பதுதான் முக்கியம். நம் படத்தில் முதலில் நமக்கும் ஒன்றும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. நடுவில் நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது, அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் அவர்களும் நம்மிடம் வந்து சேர்கிறார்கள்.

“சரி, அவங்களுக்கும் தெரிஞ்சுடுது. அதுல என்ன?” என்றான்.

அதற்குப் பதில் சொல்ல, படத்தில் உள்ள மற்ற ஜோடிகளைப் பார்க்க வேண்டும். பலரும் ஜோயல், கிளெமென்டைன் இருவரை மட்டும் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் கிளைக்கதை என்று தள்ளிவிடுகிறார்கள். என் கணக்கில் முடிவுக்கான சாவி அந்தக் கிளைக்கதைகளில்தான் இருக்கிறது.

முதலில் பேட்ரிக். லக்கூனாவில் வேலை பார்க்கும் பையன். கிளெமென்டைனின் நினைவை அழிக்கப் போன இடத்தில் அவள்மேல் ஆசை வந்து, பிறகு அவளுக்கே காதலனாகிவிடுகிறான். அழிப்புக்கு முன்னால் சம்பந்தப்பட்ட ஆளை நினைவுபடுத்தும் பொருள் எல்லாவற்றையும் நிறுவனத்திடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடிதம், படம், பரிசு, எல்லாம். அந்தப் பொருட்களைக் காட்டித்தான் மூளையில் எங்கெங்கே அந்த ஆள் இருக்கிறார் என்று வரைபடம் எடுப்பார்கள். பேட்ரிக் அந்த மூட்டையைத் திருடிவிடுகிறான். ஜோயல் அவளுக்காக வாங்கிய நகையைத் தான் வாங்கியதுபோலக் கொடுக்கிறான். உறைந்து கிடக்கும் சார்லஸ் ஆற்றின் பனிமேல் அவளைப் படுக்கவைத்து, முன்பு அதே இடத்தில் ஜோயல் சொன்ன வார்த்தைகளை ஒப்பிக்கிறான். காதல் வசனம்தான், இடமும் அதேதான். ஆனால் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று உடம்பே சொல்கிறது, எழுந்து கிளம்பிவிடுகிறாள். ஒருவனுக்குத் தெரியும், ஒருத்திக்குத் தெரியாது. அதனால் அது காதலாக இல்லை, களவாக இருக்கிறது.

அடுத்தது மேரி. லக்கூனாவின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண். தன் முதலாளி டாக்டர் ஹோவர்ட் மீது அவளுக்கு மயக்கம். அவரைக் கவர்வதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் அலெக்ஸாண்டர் போப்பின் வரிகளைச் சொல்கிறாள். கறையில்லாத மனத்தின் ஓயாத வெயில் என்று வரும் அந்த வரியிலிருந்துதான் படத்துக்குப் பெயர் வந்தது. பெயரை ‘போப் அலெக்ஸாண்டர்’ என்று தவறாகச் சொல்லிவிடுவாள், ஹோவர்ட் திருத்துவார். மறதியே பாக்கியம் என்று மேற்கோள் காட்டிக்கொண்டு அவரை முத்தமிடுகிறாள். சற்று நேரத்தில் அவர் மனைவி வந்து நிற்க, உண்மை உடைகிறது. மேரிக்கும் ஹோவர்டுக்கும் முன்பே உறவு இருந்து, அது முடிந்து, மேரியின் நினைவையும் அழித்திருக்கிறார்கள். ஹோவர்ட் சொல்லித்தான் அவளுக்கே அது தெரியவருகிறது, பிறகு தன் குரல் பதிவான ஒலிநாடாவையும் கேட்கிறாள்.

மேரிதான் இந்தப் படத்தின் சோதனைச்சாலை. அவளும் அழித்தாள், அவளும் அதே ஆளிடம் திரும்பினாள். அதைப் பார்த்து ‘ஆகா, காதல் அழிவதில்லை’ என்று யாராவது சிலிர்த்தோமா? அடிவயிறு கலங்கத்தானே செய்தது?

கதிர் சிறிது யோசித்தான். “அப்ப திரும்ப வர்றதுல பெருமை ஒண்ணும் இல்லைங்கறீங்க.”

ஆமாம். ‘நினைவை அழித்தாலும் விதி சேர்த்துவைத்தது, அதனால் நம்பிக்கை’ என்று இந்த முடிவுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மோன்டாக்குக்கு இருவரும் ஒரே நாளில் வந்து சேர்வது அழகான விஷயம்தான், படம் அதற்கு முழுக் காரணமும் சொல்வதில்லை. ஆனால் திரும்புவது மட்டும் நம்பிக்கை என்றால் மேரியின் கதையும் நம்பிக்கைக் கதையாக இருக்க வேண்டும். அவளுடையது அப்படி இல்லாததற்குக் காரணம், தெரியாமல் திரும்பினாள் என்பதுதான். அவளுக்குத் தெரியாதது பக்கத்தில் நின்ற ஹோவர்டுக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊர்ப் படம் ஒன்று உடனே நினைவுக்கு வரும். ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி. குணமாகிவிட்ட அந்தப் பெண்ணுக்குச் சீனு யார் என்றே தெரியாது. ரயில் கிளம்புகிறது, அவன் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு பின்னால் ஓடுகிறான், அவளுக்கு அவன் யாரோ பைத்தியம். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் காட்சி தொண்டையை அடைப்பதற்குக் காரணம், எல்லாம் ஒருவன் தலையில் மட்டும் இருக்கிறது என்பதுதான். அவளுக்கும் துளி நினைவிருந்தால் அது வேறு முடிவு.

உண்மை தெரிந்த மேரி என்ன செய்கிறாள்? நிறுவனத்தின் கோப்புகளை அள்ளிக்கொண்டு போய், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவரவர் ஒலிநாடாவைத் தபாலில் அனுப்பிவிடுகிறாள். அழித்துக்கொள்ள வருபவர்கள், ஏன் அழிக்க விரும்புகிறோம் என்று முதலில் ஒலிப்பதிவில் சொல்ல வேண்டும். அந்தப் பதிவுதான் தபாலில் போகிறது.

இப்போது கடைசிக் காட்சிகள். ஜோயலும் கிளெமென்டைனும் புதிதாய்ப் பூத்த மயக்கத்தில் இருக்கிறார்கள். அவள் தபாலை எடுத்துவந்து, என்னவோ ஏதோவென்று ஜோயலின் காரிலேயே நாடாவைப் போடுகிறாள். அவள் குரலே ஜோயலைத் திட்டுகிறது. சலிப்பூட்டுகிறவன், அவனோடு இருக்கும்போது தன்னையே தனக்குப் பிடிக்கவில்லை, அந்த மன்னிப்புக் கேட்கும் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை என்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜோயல், ஏதோ கேவலமான விளையாட்டு என்று நினைத்து அவளை இறக்கிவிடுகிறான். பிறகு அவள் அவன் வீட்டுக்கு வருகிறாள். அங்கே அவன் நாடா ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் படிக்காதவள், முடிக்குச் சாயம் பூசுவதெல்லாம் வேஷம், ஆண்களுக்குத் தன்னைப் பிடிக்கவைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி படுக்கைதான் என்கிறது அவன் குரல். அவள் நின்று கேட்கிறாள்.

நேரம் எடுத்துக்கொண்டு இதைச் சொன்னதற்குக் காரணம், கதிரின் அடுத்த கேள்வி. “ஆனா அக்கா, அவங்களுக்கு நினைவு திரும்பலையே? நாடாவுல கேட்டதுதானே? யாரோ எழுதின டைரியைப் படிச்ச மாதிரிதானே இருக்கும்? பட்ட காயம் ஞாபகம் இல்லாம ‘சரி’ன்னு சொல்றது சுலபம்.”

கெட்டிக்காரக் கேள்வி. நினைவைப் படிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். நான் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனேன் என்பதை அந்த வெடிச் சத்தத்தோடும் பலகார வாசனையோடும் மீண்டும் உணர்வது நிகழ்வு நினைவு. நான் மூன்று வயதில் படியில் விழுந்தேன் என்பதை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டிருப்பது வெறும் தகவல். ஜோயலிடமும் கிளெமென்டைனிடமும் கடைசியில் இருப்பது இந்தத் தகவல்தான். இழந்த இரண்டு வருடம் இழந்ததுதான். அதனால் இந்த முடிவில் ஒரு துயரம் இருக்கிறது என்று கதிரிடம் ஒப்புக்கொண்டேன், இல்லை என்று சொன்னால் படத்துக்கே துரோகம்.

ஆனால் ‘சுலபம்’ என்பதை ஏற்க மாட்டேன். நாடாவில் கேட்ட வசவு பழைய காயம் இல்லை, அந்த நிமிடத்தில் புதிதாகப் பட்ட காயம். அவள் முகத்துக்கு நேரே, அவன் வீட்டில், அவன் குரலில். பழைய சண்டைகளில் சொன்னதும், சொல்லாமல் அடக்கிவைத்ததும் அதில் இருக்கிறது. காதல் தொடங்கிய மறுநாளே ஒருவர் மற்றவரைப் பற்றி நினைக்கக்கூடிய ஆகக் கேவலமானதைக் கேட்டுவிட்டு நிற்கிற ஜோடி உலகத்தில் எத்தனை இருக்கும்?

அவள் கிளம்பிவிடுகிறாள். நடைவழியில் ஜோயல் பின்னால் வந்து, கொஞ்சம் இரு என்கிறான். எதற்கு என்றால் அவனுக்கே தெரியவில்லை, இரு என்று மட்டும் சொல்கிறான். தன்னிடம் குறைகள் உண்டு, தன் மன நிம்மதியைத் தேடி அலைகிற ஒருத்திதான் தான் என்கிறாள் அவள். உன்னிடம் பிடிக்காதது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை என்கிறான் அவன். இப்போது தெரியாது, தெரியவரும், எனக்கும் உன்மேல் சலிப்பு வரும், அடைபட்டதுபோல இருக்கும், நான் அப்படித்தான் என்கிறாள். அவன் ஒரே வார்த்தைதான் சொல்கிறான்: சரி. அவளும் சரி என்கிறாள். அழுகையும் சிரிப்புமாக இருவரும் நிற்கிறார்கள்.

இந்தச் ‘சரி’யில் என்ன இல்லை என்று பார்க்கச் சொன்னேன் கதிரை. நான் மாறிவிடுவேன் என்ற வாக்குறுதி இல்லை. இந்த முறை வேறு மாதிரி இருக்கும் என்ற சமாதானம் இல்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எதிர்பார்ப்பது ஒன்று, அப்படி எந்த உத்தரவாதமும் இல்லாமல் இறங்குவது இன்னொன்று. முதலாவது, தகவல் குறைவாக இருக்கும்வரைதான் தாங்கும். மற்ற காதல் படங்களின் ‘சுபம்’ பெரும்பாலும் அந்த வகை, கல்யாணத்துக்கு மறுநாள் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியாது, நமக்கும் காட்ட மாட்டார்கள். இங்கே எல்லாம் தெரிந்தாகிவிட்டது. இருவருக்கும் ஒரே அளவு தெரியும். அவர்களுக்கும் நமக்கும் கூட ஏறக்குறைய ஒரே அளவு. படத்தில் முதன்முறையாக யாரும் யாரையும் ஏமாற்றாத, யாரும் இருட்டில் இல்லாத நிமிடம் அது. அதில்தான் நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது.

நமக்கு அந்தச் ‘சரி’யை நம்ப மனம் வருவதற்குப் படம் இன்னொரு வேலையும் செய்திருக்கிறது. அழிப்பு புதிய நினைவிலிருந்து பழைய நினைவுக்குப் பின்னோக்கிப் போகிறது. ஆகவே நாம் முதலில் பார்ப்பது கசப்பு, பிறகு சலிப்பு, பிறகு நெருக்கம், கடைசியில் முதல் நாள். வழக்கமான காதல் கதையைத் தலைகீழாகப் பார்க்கிறோம். சண்டைகளைப் பார்க்கும்போது அழியட்டும் என்றிருக்கும். புத்தகக்கடையில் அவர்கள் பேசிக்கொண்டிருக்கப் பின்னால் அலமாரியில் புத்தக அட்டைகள் ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டே வரும்போது, ஐயோ போதும் நிறுத்துங்கள் என்றிருக்கும். கடைசி நினைவு மோன்டாக் கடற்கரை. முன்பின் தெரியாத ஜோயலின் தட்டிலிருந்து, பதிலுக்குக் காத்திருக்காமலேயே ஒரு கோழித் துண்டைக் கேட்டு எடுத்துக்கொள்கிறாள். இதுவும் சீக்கிரம் போய்விடும், என்ன செய்யலாம் என்று கேட்கிறாள். அனுபவிப்போம் என்கிறான். நடைவழியில் அவன் சொல்லப்போகும் ‘சரி’யின் ஒத்திகை இதுதான், அவனுக்கு நினைவில்லை, நமக்கு இருக்கிறது.

கதிர் விடவில்லை. கடைசி ஷாட்டைப் பிடித்தான். பனி மூடிய கடற்கரையில் இருவரும் ஓடுவது அப்படியே திரும்பத் திரும்ப வந்து வெள்ளையில் கரைகிறதே, அது ஒரே சுழலில் மாட்டிக்கொண்டதைத்தானே காட்டுகிறது என்றான். அப்படியும் படிக்கலாம். காஃப்மனின் ஆரம்ப கால வரைவு ஒன்றில் முடிவு அப்படித்தான் இருந்தது. பல வருடம் கழித்து, வயதான கிளெமென்டைன் மறுபடியும் ஜோயலை அழிக்க வருகிறாள், இதற்கு முன்பே பல முறை அழித்திருக்கிறாள். அது படத்தில் வரவில்லை, எனக்கு அதில் சந்தோஷமே. வந்திருந்தால் கதிர் சொல்வதற்கு மறுபேச்சே கிடையாது. நடைவழியில் வந்த ‘சரி’யும் அழிக்கப்பட்டுவிட்டது, மறுபடியும் யாருக்கும் எதுவும் தெரியாது என்று ஆகியிருக்கும். அதே இரண்டு பேர், அதே காதல், தெரிந்ததை மட்டும் பிடுங்கிவிட்டால் நம்பிக்கை போய்விடுகிறது.

“சரி, ஒத்துக்கறேன்” என்றான். “ஆனா மேரி எல்லாருக்கும்தானே அனுப்பினா? லக்கூனா வரவேற்பறையில ஒரு அம்மா நாயோட சாமானெல்லாம் வெச்சுக்கிட்டு அழுதுட்டு உட்கார்ந்திருப்பாங்களே, அவங்களுக்கும் நாடா போயிருக்கும்ல?”

போயிருக்கும். நாய் ஒன்று இருந்தது, செத்துவிட்டது என்று அந்த அம்மாவுக்கு ஒரு நாள் தபாலில் இரண்டாம் முறையாகத் தெரியவந்திருக்கும். நடைவழியில் நிறுத்தி ‘இரு’ என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று கதிரிடம் சொன்னேன்.